நீல டிக் போட்ட தையல் மெஷின்

*கல்லடி வீட்டார் (வட்ஸ்அப் குழு)*

நளினி அக்கா: பேஸ்புக்கில் பழைய ஜூகி மெஷின் ஒன்று கிடக்கிறது, 85,000 ரூபா. கொழும்பில் இருந்து பார்சலில் போட்டுவிடுவார்களாம். முதலில் 30,000 கேட்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருக்கிறது. அனுப்பலாம்தானே?

பூமணி பெரியம்மா: நீல டிக் விழுந்தால் அவர் வாசித்துவிட்டார் என்றுதானே? நான் அதை ஓஃப் பண்ணி வைத்திருக்கிறேன் மனே.

சுஜி: பெரியம்மா, அது வட்ஸ்அப் டிக் 😄 அக்கா கேட்பது வேறு.

பாலா மாமா: பயப்படாமல் அனுப்பு நளினி. அதைக் கண்டவனுக்கும் கொடுக்க மாட்டார்கள். நடிகர், அமைச்சர், பெரிய கம்பனி, இவர்களுக்குத்தான்.

தர்சன்: மாமா, ஒரு காலத்தில் அப்படித்தான். 2023இல் இருந்து மாதச் சந்தா கட்டினால் சாதாரண ஆளும் எடுக்கலாம். பழைய ஆட்களின் டிக்கும் சந்தா டிக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதுதான் குழப்பம்.
அக்கா, அந்த டிக்கை விரலால் தொட்டுப் பாருங்கள். என்ன வருகிறது?

நளினி அக்கா: தொட்டால் கடைப் படம் பெரிதாகிறது.

தர்சன்: அப்படியென்றால் அது டிக் இல்லை, புரொபைல் படத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். உண்மையான டிக் பெயரின் வால் பக்கத்தில்தான் நிற்கும், படத்துக்குள் இருக்காது.

நளினி அக்கா: கொஞ்சம் பொறு. நான் கேட்டதற்கு முதலாளியின் சொந்தப் பேஸ்புக் கணக்கு என்று ஒன்று அனுப்பியிருக்கிறார். அதில் பெயருக்குப் பக்கத்தில் டிக் இருக்கிறது. தொட்டால் சரிபார்த்த கணக்கு என்று சின்னதாக ஒரு பெட்டி வருகிறது.

பாலா மாமா: பார்த்தாயா!

தர்சன்: ஓம், அது நிஜ டிக். அதைக் கொடுக்க முன் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பனி என்ன பார்க்கும் என்றால், அரசாங்க அடையாள அட்டையில் உள்ள பெயரும் படமும் கணக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று. முகத்தைத் திருப்பித் திருப்பி செல்பி வீடியோவும் கேட்பார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், கணக்கில் முன்பே பதிவுகள் இருக்க வேண்டும், இரண்டு கட்டப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். பிறகு பெயரையோ படத்தையோ மாற்றினால் திரும்ப முதலில் இருந்து சரிபார்க்க வேண்டும்.
மெஷின் அவரிடம் இருக்கிறதா, முன்பு யாரையும் ஏமாற்றினாரா, இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. கள்ளனிடமும் அடையாள அட்டை இருக்கும்தானே.

பாலா மாமா: அப்போ எதற்கடா அந்த டிக்?

தர்சன்: பெயருக்கு மட்டும் மாமா. அதுவும் கம்பனிக்குக் கம்பனி வேறு. 2022 நவம்பரில் ட்விட்டரில் 8 டொலருக்கு டிக் விற்றபோது அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை. யாரோ எலை லில்லி மருந்துக் கம்பனியின் பெயரில் டிக்கோடு ஒரு கணக்குத் திறந்து, இன்சுலின் இனி இலவசம் என்று போட்டுவிட்டான். உண்மையான கம்பனி மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

பூமணி பெரியம்மா: இன்சுலின் இலவசமா? எங்கே?

சுஜி: இல்லை பெரியம்மா, அது பொய்ச் செய்தி, அமெரிக்காவில்.
தர்சன் அண்ணா, என் கேக் பக்கத்துக்கு நீல டிக் தரலாம் என்று மெசஞ்சரில் ஒரு லிங்க் வந்தது. பாஸ்வேர்ட் கேட்கிறது.

தர்சன்: தொடாதே, அழித்துவிடு. டிக் எடுப்பதென்றால் நாம்தான் செட்டிங்ஸில் போய்க் கேட்க வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுத்தால் பக்கமே போய்விடும். 2023இல் டிக் உள்ள பெரிய பெரிய பக்கங்களையே பிடித்து, பெயரை மாற்றி, அதே டிக்கோடு விளம்பரம் ஓட்டினார்கள்.
அக்கா, கடைப் பக்கத்தில் Page transparency என்று இருக்கும். திறந்து பாருங்கள், பழைய பெயர்கள் தெரியும்.

நளினி அக்கா: பார்த்தேன். போன மாதம்தான் திறந்திருக்கிறார்கள். பெயர் மாறவில்லை.

தர்சன்: போன மாதமா… சரி, காசு போடச் சொன்ன வங்கிக் கணக்கு யார் பெயரில்?

நளினி அக்கா: ஐயோ, அதைப் பார்க்கவில்லை. இரு. வேறு பெயர். ஒரு பெண்ணின் பெயர்.

தர்சன்: டிக் உறுதிப்படுத்தியது அவருடைய பெயரை மட்டும்தான். காசு போவது அந்தப் பெயருக்கு இல்லை என்றால், டிக் இருந்தும் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் பெயரில் உள்ள கணக்கைக் கேளுங்கள்.

பாலா மாமா: மனைவியின் கணக்காக இருக்கலாம். நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.

தர்சன்: இருக்கலாம் மாமா, இல்லை என்று சொல்லவில்லை.

நளினி அக்கா: கேட்டேன். மனைவியின் கணக்குத்தானாம். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்களாம், இன்றைக்கே போடச் சொல்கிறார்.

சுஜி: வெள்ளவத்தையில் சின்ன மாமா இருக்கிறார்தானே, நேரில் போய் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலா மாமா: காத்தான்குடியிலேயே பார்க்கலாம். கொஞ்சம் காசு கூட முடிந்தாலும் தைத்துப் பார்த்து எடுக்கலாம்.

நளினி அக்கா: கடை முகவரி கேட்டு 20 நிமிடம் ஆகிறது. வாசித்துவிட்டார், பதில் இல்லை.

பூமணி பெரியம்மா: நீல டிக் விழுந்ததா மனே?