புதுப்பிப்பு: ஸ்கிராப்புக்குப் போன கடை வேன்

“கடை வேனைப் பதிவுநீக்கி ஸ்கிராப்புக்குக் கொடுத்தாச்சு. நட்டத்தை எப்படிப் பதிவது?” என்று கேட்டிருந்தேன்.

சரி, முடிந்தது. வேன் 90,000 வெள்ளி, கொடுத்த மாதம் வரை தேய்மானம் 72,000. மீதி 18,000. ஸ்கிராப் யார்டு தந்த 1,635 வெள்ளியில் 135 ஜிஎஸ்டி, அது நம் பணமல்ல.

வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇயில் மீதமிருந்த காலத்துக்காகக் கிடைத்த 14,000 வெள்ளியை ‘இதர வருமானம்’ என்று போடச் சொன்னார் ஒருவர். வந்த பணம் என்பது சரி, ஆனால் நட்டம் 16,500 என்று ஊதித் தெரியும். வேன் விலையிலேயே சிஓஇ அடங்கியிருந்ததால், இதையும் விற்ற தொகையோடு சேர்க்கச் சொன்னார் கணக்காளர் அக்கா. நட்டம் 2,500தான்.

பதிவுநீக்கும்போது தன் காருக்குக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி வேனுக்கும் உண்டா என்று கேட்ட அண்ணனுக்கு: சரக்கு வேனுக்கு அது கிடையாது.

வருமான வரியில் இந்த நட்டம் கழிவாகாது, லாபத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். அங்கே சிஓஇ பணத்தை எப்படிக் காட்டுவது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.