பாடகியை நீக்கினாலும் பின்னால் கேட்கும் குரல்: பயிற்சி இசை தயாரித்தவர்களின் அனுபவங்கள்

செம்பூர் மீனா

பொங்கல் விழாவில் எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றைப் பாட ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடலுக்குக் கரோக்கே எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாடலைத் திறந்து, Vocal Reduction and Isolation என்ற விளைவில் Remove Center தேர்ந்தெடுத்து, பயிற்சி இசையை நானே தயாரித்தேன். ஹார்பர் லைன் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு மனத்துக்குள் பாடிப் பார்க்கிறேன். முன்னால் நின்ற பாடகி மறைந்துவிட்டார். ஆனால் கிணற்றின் அடியிலிருந்து பாடுவதுபோல ஒரு குரல் தொடர்ந்து கேட்கிறது. தபலாவின் இடது கை அடியும் பேஸ் கிதாரும் காணாமல் போய்விட்டன. அமைப்பில் எந்த எண்ணை மாற்றினாலும் அந்தக் குரல் போகவில்லை. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

முலுண்டு ரவி

உங்கள் கோப்பு எம்பி3தானே? அதுதான் காரணம். நானும் முதலில் இணையத்தில் இறக்கிய கோப்பில் முயன்றேன், தண்ணீருக்குள் பேசுவதுபோல ஒரு சலசலப்பு மிஞ்சியது. பிறகு குறுந்தகட்டிலிருந்து சுருக்கப்படாத WAV கோப்பாக எடுத்துச் செய்தேன், எவ்வளவோ சுத்தமாக வந்தது. குறுந்தகடு வாங்குங்கள், குரல் முழுவதும் போய்விடும்.

மாட்டுங்கா ஒலிப்பதிவாளர்

ரவி சொன்னதில் பாதி சரி. சலசலப்பு எம்பி3 தருவது. இரு பக்கங்களுக்கும் உள்ள சின்ன வேறுபாடுகளைத்தான் அது சிக்கனமாகச் சேமிக்கிறது, இந்த முறையில் நமக்கு மிஞ்சுவதும் அந்த வேறுபாடுதான். ஆனால் மீனா கேட்கும் கிணற்றுக் குரல் குறுந்தகட்டிலும் இருக்கும். ஒலிக்கூடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாடகியை ஒலிக்கலவையில் நடுவில் வைப்போம். அதாவது இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் அவர் குரல் ஒரே அளவில் போகும். இடதில் 100, வலதில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம். வயலின் இடதில் 80, வலதில் 20 என்றால் 60 மிஞ்சும். குரல் போய் வயலின் நிற்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். கணினிக்குக் குரல் எது, வாத்தியம் எது என்று தெரியாது. நடுவில் இருப்பதைத்தான் அது கழிக்கிறது. பேஸ் கிதாரும் தபலாவும் நடுவில் இருந்ததால் அவையும் போயின.

இனி கிணற்றுக்கு வருகிறேன். பாடகியின் குரல் வறட்டுக் குரலாகத் தட்டில் வருவதில்லை. அதற்கு எதிரொலி சேர்ப்போம். எதிரொலி விரிந்து கேட்க வேண்டும் என்பதற்காகவே அதை இடதில் ஒரு மாதிரியும் வலதில் ஒரு மாதிரியும் வரச் செய்வோம். இரண்டும் ஒன்றல்ல, ஆகவே கழித்தால் பூஜ்ஜியம் வராது. நேர்க்குரல் விலகியதும் அதன் எதிரொலி மட்டும் தனியாக நிற்கிறது. அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அம்மா.

இன்னொன்றையும் பாருங்கள். குரல் சரியான நடுவில் இல்லாமல், இடதில் 100, வலதில் 89 என்று இருந்தால் 11 மிஞ்சும். ஒரு டெசிபல் வித்தியாசம்தான், ஆனாலும் காதுக்கு எட்டும். இதைச் சரிசெய்ய முடியும். Split Stereo to Mono கொடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு Invert கொடுத்துத் தலைகீழாக்குங்கள். பிறகு உரத்த பக்கத்தை அரை அரை டெசிபலாகக் குறைத்துக்கொண்டே கேளுங்கள். நேர்க்குரல் மிக மெலிந்து கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். எதிரொலி இதற்கும் அசையாது.

டோம்பிவிலி சுந்தரம்

என் கதை வேறு. அப்பா வாங்கிய பக்திப் பாடல் கேசட்டைக் கணினிக்கு மாற்றி இதைச் செய்தேன். 'ஆ', 'ஓ' எல்லாம் நன்றாகவே மறைந்தன. 'ச', 'ஸ', 'ஷ' மட்டும் முன்பைவிட உரக்கக் கேட்கின்றன. "சரவண" என்றால் "ச்ச்" என்று ஒரு சீறல். குரல் இன்னும் உள்ளே இருக்கிறது என்றுதானே பொருள்?

மாட்டுங்கா ஒலிப்பதிவாளர்

இருக்கிறது, ஆனால் நேரம் தப்பி இருக்கிறது. கேசட் ஓடும்போது நாடா ஒலித்தலைக்குச் சற்றே சாய்வாக இருந்தால், ஒரு பக்கம் மற்றதைவிட நூலிழை பிந்தி வரும். பத்தாயிரத்தில் ஒரு விநாடி பிந்தினாலும் போதும். உயிர் எழுத்துகளின் ஆழ்ந்த பகுதியில் அந்தப் பிந்தல் பெரிதல்ல, பெரும்பகுதி கழிந்துவிடும். ஆனால் சீறல் ஒலி 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அங்கே அதே பிந்தல் பாதி அலை நீளத்துக்குச் சமம். அப்போது கழித்தல் கூட்டலாகி இரட்டிப்பாகும். ஒரு பக்கத்தை மிகச் சிறிதளவு முன்னோ பின்னோ நகர்த்திக் கேட்டுப் பாருங்கள், விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் கொண்ட பதிவில் நான்கைந்து மாதிரி அளவுக்குள் இருக்கும். ஆனால் கேசட்டில் அந்தச் சாய்வே பாட்டின் நடுவில் ஆடும். முழுதாகத் தீராது.

வாஷி பத்மா

எனக்கு மிஞ்சியது ஒன்றுமே இல்லை! ஐம்பதுகளின் பாட்டு ஒன்றுக்குச் செய்தேன். குரலும் போனது, வயலினும் போனது, கடைசியில் சிறு கரகரப்புதான். மென்பொருளே கெட்டுவிட்டது என்று எண்ணி நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன்.

மாட்டுங்கா ஒலிப்பதிவாளர்

அது மோனோ பதிவு, பத்மா. இரு பக்கமும் ஒன்றே, எனவே எல்லாமே கழிந்துவிடும். கோப்பு ஸ்டீரியோ என்று காட்டினாலும் இதுதான் கதி. மென்பொருள் ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அந்த மௌனமே சான்று.

தாராவி கார்த்திக்

அருமை சார். எனக்கு எதிர்மாறாக வேண்டும்: குரல் மட்டும் தனியாக, பின்னால் என் கீபோர்டு வாசிப்பு. இரண்டையும் கழிக்காமல் கூட்டிவிட்டால் குரல் வந்துவிடாதா?

முலுண்டு ரவி

வராது தம்பி. கூட்டினால் குரலும் வரும், பேஸும் தபலாவும் கூடவே வரும். வயலினும் போகாது. அதே விளைவில் Isolate Vocals என்று ஒன்று இருக்கிறது, அதிலும் குரலோடு நடுவில் உள்ள மற்றவையும் சேர்ந்தே வரும். அது வேறு கேள்வி, தனி இழை தொடங்குங்கள்.

செம்பூர் மீனா

எல்லோருக்கும் நன்றி. ரவி அண்ணா சொன்னபடி குறுந்தகட்டிலிருந்து எடுத்தேன், சலசலப்பு போயிற்று. வலதுப் பக்கத்தை ஒரு டெசிபல் குறைத்தபோது நேர்க்குரல் மெலிந்தது. கிணறு அப்படியே இருக்கிறது. தாளத்தை மீட்க வேறொன்று செய்தேன்: மூலப் பாடலின் பிரதி ஒன்றை எடுத்து, 150 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையெல்லாம் வடிகட்டிவிட்டு, கீழே உள்ளதை மட்டும் இதனுடன் கலந்தேன். பாடகி அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆகவே குரல் திரும்பாமல் பேஸ் மட்டும் திரும்பியது. ஆண் குரலுக்கு இதே எண் சரிவருமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாட்டுங்கா ஒலிப்பதிவாளர்

ஆண் குரலுக்கு 100க்குக் கீழே போங்கள். அப்போதும் கொஞ்சம் முணுமுணுக்கும்.

செம்பூர் மீனா

இரண்டாம் சரணத்தில் மட்டும் குரல் தெளிவாகவே நிற்கிறது, எதிரொலிபோல இல்லை. பின்னணிப் பாடகிகள் அங்கே இல்லை. அதே பாடகியின் குரல்தான், ஆனால் இடப்பக்கம் சாய்ந்து கேட்கிறது.

மாட்டுங்கா ஒலிப்பதிவாளர்

குரலை இரண்டு முறை பதிந்து ஒன்றை இடதிலும் மற்றதை வலதிலும் வைத்திருக்கலாம். அல்லது கலவையிலேயே சரணத்தில் அவரை நகர்த்தியிருக்கலாம். ஒரு காதை மூடி இடதை மட்டும் கேளுங்கள், பிறகு வலதை. இரண்டிலும் சொற்கள் இம்மி பிசகாமல் ஒன்றாக வந்தால் ஒரே பதிவு, அளவைச் சரிசெய்து பார்க்கலாம். கொஞ்சமேனும் பிசகினால் இரண்டு பதிவு, இந்த முறையில் ஒன்றும் செய்வதற்கில்லை. கோப்பைக் கேட்காமல் எது என்று சொல்ல மாட்டேன்.

டோம்பிவிலி சுந்தரம்

மீனா அம்மா, மிச்சக் குரல் இருந்தால் எங்கே எடுப்பது என்று தெரியுமே, அதை ஏன் முழுவதும் விரட்ட வேண்டும்?

செம்பூர் மீனா

வீட்டில் பயிற்சிக்கு அது உதவுகிறது, சுந்தரம் சார். மேடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் பின்னால் இன்னொருவர் பாடுவது சபைக்குக் கேட்டுவிடும். அதனால் மேடைக்கு ஒரு தபலாக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.