கேமில் நிறக்குருடு மோட் போட்டால் ஸ்க்ரீனில் உண்மையில் என்ன மாறுகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாங்குளத்தான்

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிடிபடாது. கண் வைத்தியர் டியூட்டரன் வகை என்றார். கேம்களில் இருக்கிற நிறக்குருடு மோட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நடக்கிறது, அதுதான் இங்கே கேட்கிறேன்.

வாலரன்ட்டில் விஷயம் சுலபம். செட்டிங்ஸில் Enemy Highlight Color என்று இருக்கிறது, அதில் Yellow (Deuteranopia) தெரிவு செய்தால் எதிரியைச் சுற்றி இருக்கிற சிவப்புக் கோடு மஞ்சளாகிறது, அவ்வளவுதான். சுவர், வானம், துவக்கு எல்லாம் முன்பு இருந்தபடியே. செங்கல் நிறச் சுவருக்கு முன்னால் நின்ற ஆள் எனக்கு இப்போதுதான் ஆளாகத் தெரிகிறான்.

ஆனால் இன்னொரு துவக்குக் கேம் (பெயர் வேண்டாம்) முழு ஸ்க்ரீனுக்கும் பில்டர் போடுகிறது. Deuteranopia மோட், அதற்குக் கீழே 0இலிருந்து 10 வரை இழுக்கிற கோடு. 10இல் கொண்டுபோய் விட்டேன். எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, புல் கொஞ்சம் மங்கியது போல ஒரு சந்தேகம் மட்டும். பக்கத்தில் இருந்த தம்பிதான் சத்தம் போட்டான், "அண்ணா என்ன செய்தனீங்கள், புல்லெல்லாம் காய்ஞ்சு மண்ணும் புல்லும் ஒரே நிறமாப் போச்சு" என்று. கண் நல்லாத் தெரிகிறவனுக்கு எல்லாம் மாறுகிறது, யாருக்காக மோட் வைத்தார்களோ அவனுக்கு ஒன்றும் மாறவில்லை. இது எப்படி?

ஏ9_ஸ்னைப்பர்

மச்சான் நீங்கள் தப்பான மோட் போட்டிருக்கிறீர்கள். Tritanopia போடுங்கள். எனக்கு நிறக்குருடு இல்லை, இருந்தும் நான் அதைத்தான் போட்டு விளையாடுகிறேன், பெரிய ஆட்டக்காரர் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். நிறமெல்லாம் பளிச்சென்று வரும், தூரத்தில் இருக்கிற ஆள் தனியாகத் தெரிவான். மூன்று மோட்டும் அடிப்படையில் ஒன்றுதான், எது கூடப் பளிச்சிடுகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விசுவமடு அக்கா

ஸ்னைப்பர் தம்பி சொல்வதில் பாதி சரி. கண் நல்லாத் தெரிகிறவர்களும் இந்த மோட்களைப் போடுவது உண்மை, பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டினால் யாருக்கும் லாபம்தான். ஆனால் மூன்றும் ஒன்றில்லை. Tritanopia நீலம்–மஞ்சள் பக்கம் பிரச்சினை இருப்பவர்களுக்கானது, அது மிக அரிது. மாங்குளத்தானுக்கு அதைப் போட்டால் நிறம் மாறுவது தெரியும், சிவப்பும் பச்சையும் பிரிந்து வருவதற்கு அது செய்யப்பட்டதில்லை.

மாங்குளத்தான் கேட்டதற்கு வருகிறேன். நான் அன்ரியல் எஞ்சினில் சின்னச் சின்னக் கேம் செய்கிறவள், அதனால் இந்த மோட்டை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். முழு ஸ்க்ரீன் பில்டரில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, நிறக்குருடு உள்ளவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்று மற்றவர்களுக்குக் காட்டுவது. இது கேம் செய்கிறவர்கள் தங்கள் வேலையைச் சரிபார்ப்பதற்கு. மற்றது, அவருக்குத் தெரியாமல் போகிற வித்தியாசத்தை எடுத்து அவருக்குத் தெரிகிற நிறத்துக்குள் தள்ளுவது. இதுதான் விளையாடுகிறவருக்கு வேண்டியது. அன்ரியலில் இரண்டுமே `SetColorVisionDeficiencyType` என்ற ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வகை, அளவு, அதற்குப் பிறகு `CorrectDeficiency` என்று ஒரு தெரிவு. அதை ஆம் என்று வைத்தால் திருத்தம், இல்லை என்று விட்டால் வெறும் காட்டல். ஒரு டிக்கை மறந்தாலே மோட்டின் அர்த்தம் தலைகீழாகிவிடும், மெனுவில் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் கேம் எந்த எஞ்சினில் செய்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தம்பி சொன்ன அடையாளம் அச்சொட்டாகக் காட்டலின் அடையாளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச் சிவப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255, 0, 0. பலர் பாவிக்கிற ஒரு டியூட்டரன் கணக்கில், காட்டல் வகை அதை ஏறக்குறைய 94, 71, 0 ஆக்கும், அது கபிலம். முழுப் பச்சை 220, 172, 11 ஆகும், அது கடுகு மஞ்சள். புல் காய்ந்ததும் மண்ணோடு கலந்ததும் இதனால்தான். உங்கள் கண் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, அதையே பில்டர் இரண்டாம் தடவை செய்தால் உங்களுக்கு என்ன புதிதாகத் தெரியப்போகிறது?

திருத்தம் வகையில் அதே சிவப்பில் தொலைந்த பங்கை நீலத்துக்கு ஏற்றுவார்கள். அப்போது 255, 42, 116 போல ஒன்று வரும், தம்பிக்கு அது ரோஸ் கலந்த சிவப்பு. பச்சை 0, 184, 0 அளவுக்கு இருளும். உங்களுக்கு முதலாவதில் நீலம் ஏறியிருப்பதும் இரண்டாவது இருண்டிருப்பதும் தெரியும், அதை வைத்துப் பிரிக்கலாம். கேமுக்குக் கேம் இலக்கம் மாறும், போகிற திசை இதுதான். வெள்ளையும் சாம்பலும் இரண்டு வகையிலும் அப்படியே இருக்க வேண்டும்.

முள்ளியவளை செல்வி

எனக்கும் இதே பிரச்சினை. நேற்று இரவிலிருந்து போன் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது, கேம் மட்டுமில்லை வாட்ஸ்அப் கூட. எந்த மோட்டை மாற்ற வேண்டும்?

விசுவமடு அக்கா

செல்வி, அது வேறு விஷயம். படுக்கிற நேரத்தில் ஸ்க்ரீனைக் கறுப்பு வெள்ளையாக்குகிற Bedtime mode பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது, முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் Accessibility பக்கத்தில் Color correction போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுக்குடியிருப்பு வயற்காரன்

கேம் கொஞ்சம்தான், அதிகம் தோட்டம். எனக்குப் புரோட்டன் வகையாம். மிளகாய்க் கண்டில் பழுத்தது எது காய் எது என்று மற்றவர்கள் நின்ற இடத்திலேயே சொல்வார்கள், நான் கிட்டக் குனிந்து இலையை விலக்கினால்தான் கண்டுபிடிப்பேன், பழம் எனக்குச் சிவப்பாகத் தெரியாமல் இலையின் நிழலோடு சேர்ந்து இருட்டாகக் கிடக்கும். கடினப்பந்து புல்லுக்குள் போனாலும் இதே கதைதான், எங்கள் பக்கத்துப் பொடியள் என்னைக் கரையில் நிறுத்துவதையே விட்டுவிட்டார்கள்.

கேமிலும் அப்படித்தான். துவக்கின் குறிக்கண்ணாடியில் இருக்கிற சிவப்புப் புள்ளி, இருட்டுப் பற்றைக்குள் குறிபார்த்தால் காணாமல் போய்விடும். சிவப்பு–பச்சை என்று நினைத்து Deuteranopia போட்டேன், புள்ளி கொஞ்சம் தெரிந்தது. Protanopia போட்டேன், இன்னும் நன்றாகத் தெரிந்தது, ஆனால் ஸ்க்ரீன் முழுக்க ஊதா அடித்தது போல இருந்ததால் திரும்ப Deuteranopiaவுக்கே வந்துவிட்டேன். இரண்டும் சிவப்பு–பச்சைக்குத்தானே, ஏன் இரண்டு வைத்தார்கள்?

விசுவமடு அக்கா

அண்ணை, நீங்கள் மிளகாயில் சொன்னதுதான் பதில். புரோட்டன் கண்ணுக்குச் சிவப்பின் வெளிச்சமே குறைந்து வரும், அதனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, சிவப்புப் புள்ளி எல்லாம் அணைந்துபோகும். மாங்குளத்தானுக்குச் சிவப்பு இருளாது, எந்த நிறம் என்பதில்தான் குழப்பம். அதனால் Protanopia மோட் சிவப்பை நீலப் பக்கம் கூடவே தள்ளும், நீங்கள் பார்த்த ஊதா அதுதான். கேமில் குறிப்புள்ளியின் நிறத்தை மாற்றுகிற தெரிவு தனியாக இருந்தால் பில்டரை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் மஞ்சளாக்குங்கள்.

ஏ9_ஸ்னைப்பர்

அக்கா, ஊதா அடிக்கிறதென்றால் அளவைக் குறைத்தால் போதாதா? 10இல்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது.

விசுவமடு அக்கா

இது சரியான கேள்வி. நிறக்குருடு என்று சொல்கிற பலருக்கு அந்த உணர்வு முழுதாக இல்லாமல் போவதில்லை, பலவீனமாக இருக்கும், அவ்வளவே. அவர்களுக்கு முழு அளவு தேவைக்கு மிஞ்சிய திருத்தம். பாதியில் தொடங்கி, வழமையாகத் தவறவிடுகிற ஒரு பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். அழகான காட்சியைப் பார்த்து ஏற்றினால் எங்கே நிறுத்துவது என்று விளங்காது.

மாங்குளத்தான்

அக்கா சொன்னதை வைத்து, காட்டலா திருத்தமா என்று சோதித்துப் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்ற அந்தக் கேமிலும் முழு ஸ்க்ரீன் பில்டர் இருக்கிற இன்னொரு கேமிலும் ஒரே இடத்தில் நின்று மோட் இல்லாமல், மோட் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தம்பியிடம் காட்டினேன். (விண்டோஸில் Windows + Ctrl + C அடித்து வருகிற பில்டர் ஸ்க்ரீன்ஷாட்டில் விழாது, கேமுக்குள் இருக்கிற பில்டர் விழுகிறது, இதைக் கவனியுங்கள்.) பெயர் சொல்லாத அந்தக் கேமில் சிவப்புக் கொடியும் புல்லும் இரண்டுமே கபிலம் மஞ்சள் பக்கம் போய்விட்டன என்றான். ஆக அது காட்டல்தான். செய்தவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் இல்லை.

மற்றக் கேமில் கொடி ரோஸ் ஆகிவிட்டது என்றான், எனக்கும் கொடி புல்லிலிருந்து துண்டாகத் தெரிகிறது. ஆனால் புதிதாக ஒரு தலையிடி. சாமான்களின் தரத்தைப் பச்சை, நீலம், ஊதா, பொன் என்று நிறத்தில் காட்டுகிறார்கள். நீலமும் ஊதாவும் எனக்கு முன்பே ஒன்றுதான், இப்போது சிவப்பும் நீலம் ஏறி அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. உயிர் குறைந்தால் ஓரத்தில் வருகிற சிவப்பு, நீல அணியின் அடையாளத்தோடு குழம்புகிறது.

விசுவமடு அக்கா

முழு ஸ்க்ரீன் பில்டரின் எல்லை அதுதான். உங்களுக்குப் பிரிந்து தெரிகிற நிறங்கள் குறைவு, அதே இடத்துக்குள் இன்னொன்றைத் தள்ளினால் ஏற்கெனவே இருந்தது நெருக்குப்படும். ஊதா என்பது நீலத்தில் சிவப்புச் சேர்ந்தது, அந்தச் சிவப்பு உங்களுக்குப் பிடிபடாததால்தான் அது நீலமாகத் தெரிகிறது. பில்டர் ஊதாவில் நீலத்தைக் கூட்டும், ஆனால் அங்கே நீலம் ஏற்கெனவே உச்சத்துக்குக் கிட்ட இருந்தால் மேலே போக இடமில்லை. அணி நிறத்தைத் தனியாக மாற்ற விடுகிற கேம் என்றால் நீல அணியை மஞ்சளாக்கிப் பாருங்கள்.

பரந்தன் ஆசிரியை

நான் கேம் ஆடுவதில்லை, என் மகன் ஆடுகிறான். அமங் அஸில் அந்த மோட் போட்டபோது எந்த நிறமும் மாறவில்லை, ஒவ்வொருவருடைய பெயரோடும் நிறத்தின் பெயர் எழுத்தில் வந்தது. வேலை செய்யவில்லை என்று அழித்துவிட்டான். இப்போது வாசிக்கும்போது அதுதான் எல்லாவற்றிலும் நல்லது போலத் தெரிகிறதே?

மாங்குளத்தான்

ரீச்சர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஓடிக்கொண்டே சுடுகிற கேமில் எழுத்து வாசிக்க எங்கே நேரம். வயற்காரன் அண்ணை, உங்கள் கேமில் புள்ளி நிறம் மாற்றுகிற தெரிவு இருந்ததா?

புதுக்குடியிருப்பு வயற்காரன்

இருக்கிறது. மஞ்சள் போட்டேன், பற்றைக்குள் நன்றாகத் தெரிகிறது, காய்ந்த புல்வெளியில் தெரியவில்லை. இப்போது வெளிர் நீலம் போட்டிருக்கிறேன், மழைக்காட்சி வந்தால் பார்ப்போம்.