குறிஞ்சிப் பூ மேல் விழுந்திருக்கும் ஆரஞ்சுத் தேதி: சுற்றிலும் மங்காமல் எடுக்க வழி உண்டா?

மலைப்பூண்டு

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். 2006இல் குறிஞ்சி பூத்தபோது பூம்பாறை போகிற வழியில் ஒரு சரிவில் அம்மாவும் அக்காவும் நிற்கிற படம். பிலிம் காமிரா, 4க்கு 6 பிரிண்ட். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டலாம் என்று ஸ்கேன் எடுத்தேன்.

வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் `'98 10 8` என்று தேதி. அந்தத் தேதியே தப்பு. யாரோ பேட்டரி மாற்றிவிட்டு நேரம் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். "நான் அப்போ இங்கே வரவே இல்லையே" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிம்பில் ஹீல் கருவியால் தேய்த்தேன். தேதி போய்விட்டது, ஆனால் அந்த இடம் சோப்பு நுரை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பூவும் இலையும் கலந்து ஒரே சேறு. கடைசி 8 அக்காவின் மஞ்சள் ஸ்வெட்டர் கை மேல் வேறு விழுகிறது. என்ன செய்ய?

குன்னூர்க்காரன்

நெகட்டிவ் இருக்கிறதா தம்பி? இருந்தால் வேலையே இல்லை. தேதியைப் பிரிண்ட் போடும்போது லேபில்தான் அடிப்பார்கள். நெகட்டிவை ஸ்கேன் எடுத்தால் தேதியே இருக்காது.

தாரணி

எனக்கும் இதே பிரச்சினை! என் தாத்தா படத்தில் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது அழுந்தி முன்பக்கம் மேடாகத் தெரிகிறது. ஸ்கேனில் வெள்ளைக் கோடாக வருகிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போகுமா?

பழைய ரோல்

தாரணி, துடைக்காதீர்கள். அது அழுக்கு இல்லை, காகிதமே அமுங்கியிருக்கிறது. ஸ்கேனரில் படத்தை 90 பாகை திருப்பி வைத்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால்தான் அந்த மேடு வெளிச்சமாகத் தெரிகிறது. திருப்பினால் பெரும்பாலும் அடங்கும்.

இனி மலைப்பூண்டு கேட்டதற்கு. குன்னூர் அண்ணன் சொன்னதில் பாதி சரி. நெகட்டிவ் கிடைத்தால் நல்ல ஸ்கேன் கிடைக்கும், அது உண்மை. ஆனால் இந்த ஆரஞ்சு எழுத்து லேபில் விழுந்தது இல்லை. காமிராவுக்குள்ளேயே ஒரு குட்டி விளக்கு பிலிம் மேல் தேதியைப் பதித்துவிடும். அதனால் நெகட்டிவிலும் தேதி இருக்கும். அங்கே பச்சை நீலமாகத் தெரியும்.

அந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்பதில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. பெரும்பாலான காமிராக்களில் விளக்கு பின்மூடியில், பிலிமின் முதுகுப் பக்கம் இருக்கும். கலர் பிலிமில் சிவப்பை வாங்கும் அடுக்கு முதுகுக்கு மிகக் கிட்டே, நடுவில் பச்சை, நீலம் லென்ஸ் பக்கம் மேலே. விளக்கின் நிறமும் ஆரஞ்சு. ஆக, சிவப்பு அடுக்கு முழுசாக வெந்துவிடும், பச்சை பாதி அடிபடும், நீலத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதாவது எண்ணுக்கு அடியில் இருக்கும் பூவும் இலையும் நீல வழியில் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் ஹீல் போட்டபோது அந்த நல்ல படத்தையும் சேர்த்துக் கொன்றுவிட்டீர்கள்.

முதலில் `Colors > Components > Decompose...` போய் `RGB` தேர்ந்து, மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். நீல அடுக்கில் எண் தெரிகிறதா என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மலைப்பூண்டு

அண்ணா, பார்த்தேன். சிவப்பில் எண் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பச்சையில் மங்கலாக. நீலத்தில் எண் தெரியவில்லை, ஆனால் படமும் சரியாகத் தெரியவில்லை. சின்னச் சின்ன சதுரக் கட்டமாக இருக்கிறது.

பழைய ரோல்

ஸ்கேன் எப்படி வந்தது?

மலைப்பூண்டு

ஏழு ரோடு பக்கம் ஒரு கடையில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

பழைய ரோல்

அதுதான். ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தை ஓரளவு காப்பாற்றும், நிறத்தைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடும். நமக்கு வேண்டியதோ நிறத்தின் தனித்தனி வழிகள். அதோடு ஆரஞ்சு நிறம் எண்ணைத் தாண்டிப் பக்கத்துப் புள்ளிகளிலும் கசிந்திருக்கும். அந்தக் கோப்பை வைத்து எவ்வளவு மெனக்கெட்டாலும் எண்ணைச் சுற்றி ஒரு பழுப்பு விளிம்பு நிற்கும். அதே பிரிண்டை அங்குலத்துக்கு 600 புள்ளியில் டிஃப் கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். கூர்மையாக்குவது, தூசி நீக்குவது எல்லாம் அணைத்திருக்க வேண்டும். பென்டிரைவில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

குன்னூர்க்காரன்

சரி, தேதி விஷயத்தில் தப்பு என்னுடையது. வேறு ஒரு சந்தேகம்: 98இல் எடுத்த படமாகவே இருந்தால்? எங்கள் நீலகிரிப் பக்கம் குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, எல்லாம் 12 வருஷக் கணக்கு இல்லை. நீலக்குறிஞ்சிதான் 1994, 2006, 2018 என்று வரும்.

மலைப்பூண்டு

அண்ணா, 98இல் அக்கா கைக்குழந்தை. படத்தில் அம்மாவின் தோள் உயரம் நிற்கிறாள்.

(மூன்று நாள் கழித்து) டிஃப் கிடைத்தது. கடைக்காரர் "இதெல்லாம் யார் கேட்கிறார்கள்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். நீல அடுக்கு இப்போது பிரமாதம், ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் நீலத்தை அப்படியே சிவப்பில் ஒட்டினால் பூ எல்லாம் வெளிறிப் போகிறது, இலை கறுக்கிறது.

பழைய ரோல்

அப்படியே ஒட்டக் கூடாது, அளவு மாற்றி ஒட்ட வேண்டும். நிறம் எடுக்கும் கருவியில் சராசரி ஆரம் 5 வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் தேதி படாத ஒரு பூவையும் ஒரு இலையையும் தொட்டு, மூன்று எண்களையும் எழுதுங்கள்.

மலைப்பூண்டு

பூ: சிவப்பு 110, பச்சை 95, நீலம் 150. இலை: சிவப்பு 50, பச்சை 65, நீலம் 40.

பழைய ரோல்

நல்ல கணக்கு. இலையிலிருந்து பூவுக்கு நீலம் 110 ஏறும்போது சிவப்பு 60 ஏறுகிறது. அப்படியானால் நீலத்தை 0.55ஆல் பெருக்கி 28 கூட்டினால் சிவப்பு வந்துவிடும். பூவுக்குப் போட்டுப் பாருங்கள், 110, இலைக்கு 50. பச்சைக்கு 0.27ஆல் பெருக்கி 54 கூட்ட வேண்டும்.

கிம்பில் இதைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம், `Levels` போதும். பிரித்த படத்தில் நீல அடுக்குக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைச் சிவப்பு அடுக்குக்கு நேர் மேலே வைத்து, `Colors > Levels...` திறந்து `Output Levels` 28, 168 என்று மாற்றுங்கள். இன்னொன்றைப் பச்சைக்கு மேலே வைத்து 54, 123.

அடுத்து, எண் இருக்கும் இடத்தில் மட்டும் இவை தெரிய வேண்டும். சிவப்பு அடுக்கில் `Fuzzy Select` கருவியால் எண்ணின் ஒவ்வொரு கோட்டையும் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டே தொடுங்கள். `Select > Grow...` 4, பிறகு `Select > Feather...` 2. இந்த 4 முக்கியம்: எண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய சிவப்புக் கசிவு இருக்கும், அது தேர்வுக்குள் வர வேண்டும். வெளியே நின்றுவிட்டால் எண் போனபின்னும் அதன் நிழல் நிற்கும். நகல் அடுக்குக்கு `Layer > Mask > Add Layer Masks...` போய் `Selection` கொடுத்தால் முகமூடி தானாக வரும். இரண்டையும் `Merge Down` செய்து, `Colors > Components > Compose...` மூலம் திரும்பச் சேருங்கள்.

ஸ்வெட்டர் மேல் விழும் கடைசி 8ஐ மட்டும் தொடாதீர்கள். மஞ்சளில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. பூவுக்குப் போட்ட கணக்கு அங்கே தலைகீழாகிவிடும்.

தாரணி

திருப்பி வைத்து எடுத்தேன், கோடு பாதிக்கு மேல் போய்விட்டது! நன்றி சார்.

மலைப்பூண்டு

அண்ணா, வந்துவிட்டது. 8 தவிர எல்லாம். பூவின் இதழ் வரைக்கும் தெரிகிறது, நம்பவே முடியவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் `'9` இருந்த இடத்தில் மட்டும் எண்ணின் வடிவம் ஆவி மாதிரி வெளிச்சமாகத் தெரிகிறது.

பழைய ரோல்

எண்ணின் கோட்டு நடுவில் விளக்கு பலமாக அடித்து நீலத்தையும் கொஞ்சம் தொட்டிருக்கும். கோட்டு நடுவில் ஒரு இலையையும் வெளியே ஒரு இலையையும் ஒப்பிட்டு நீலத்தின் வித்தியாசம் பாருங்கள்.

மலைப்பூண்டு

உள்ளே 51, வெளியே 40.

பழைய ரோல்

அப்படியானால் திரும்ப முதலிலிருந்து. நகல் எடுக்கும் முன், நீல அடுக்கிலேயே கோட்டு நடுவை மட்டும் தேர்ந்து (இந்தத் தடவை `Grow` வேண்டாம்) `Curves`இல் 51ஐ 40க்கு இறக்குங்கள். பிறகு நகல்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நீலத்தில் விட்ட பிழை மூன்று வழியிலும் வந்து உட்காரும்.

இன்னொன்று: ஒட்டிய இடத்தில் மூன்று வழிக்கும் ஒரே கிரெய்ன் என்பதால், 300 சதவீதம் பெரிதாக்கினால் அங்கே மட்டும் நிறப்பொடி இல்லாமல் சாம்பல் பொடியாகத் தெரியும். 12க்கு 18 பிரிண்டில் கண்ணுக்குப் படாது என்பது என் அபிப்பிராயம். பட்டால் சிவப்பில் மட்டும் துளி நாய்ஸ் சேர்த்துக்கொள்ளலாம்.

குன்னூர்க்காரன்

அந்த 8க்கு என்ன செய்வது? என் யோசனை, மூலையை வெட்டிவிடு.

மலைப்பூண்டு

வெட்டினால் அக்காவின் கையும் போகும் அண்ணா. கொன்றுவிடுவாள்.

பழைய ரோல்

ஸ்வெட்டருக்கு `Clone` கருவிதான். ஹீல் வேண்டாம், அது சுற்றியிருக்கும் நிறத்தோடு கலக்கப் பார்க்கும், ஒரு பக்கம் மஞ்சள் மறுபக்கம் இலை என்றால் இரண்டையும் குழப்பும். தூரிகையின் `Hardness` 80க்கு மேல், `Opacity` 100. அதே கையில், அதே பின்னல் வரியில் நான்கைந்து வரி மேலிருந்து மாதிரி எடுத்து, வரியோடு வரி பொருந்த வையுங்கள். ஒரு இடத்தில் ஒரே தடவை. திரும்பத் திரும்பத் தேய்த்தால் பின்னல் கரைந்து மறுபடி நுரைதான். கை முடிந்து இலை தொடங்கும் விளிம்பை முதலில் தேர்வுக்கோடு போட்டுப் பூட்டிவிடுங்கள்.

மலைப்பூண்டு

நீலத்தின் ஆவி போய்விட்டது. ஸ்வெட்டரை நான்கு தடவை செய்து பார்த்தேன். பின்னல் பொருந்துகிறது, ஆனால் கையின் மடிப்பு நிழல் ஒரு இடத்தில் திடீரென்று நிற்கிறது. அக்காவிடம் காட்டினேன், கண்டுபிடிக்கவில்லை. அம்மா கண்டுபிடித்தார். "இங்கே என்னமோ ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே" என்றார். அந்த ஸ்வெட்டரைப் பின்னியதே அவர்தான்.

குன்னூர்க்காரன்

நெகட்டிவைத் தேடிப் பார் தம்பி. தேதி இருந்தாலும் நிழல் அதில் இன்னும் நன்றாக இருக்கும்.

மலைப்பூண்டு

பரணில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கிறேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும், இந்தக் குளிரில்.