உதவி: ‘சாதகம்’ என்று போட்டால் பொருளாளர் ஆண்டு விழாவுக்குப் பணம் இருக்கிறது என்கிறார்

மேட்டுத்தெரு
எங்கள் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பொருளாளர் மளிகைக்கடை வைத்திருப்பவர். கணக்கில் கெட்டி, ஆனால் இந்த மாதிரி அறிக்கையைப் பார்த்ததில்லை. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை போட்டது இது:

```
வகை                      திட்டம்   நடந்தது   வித்தியாசம்
நன்கொடை வரவு             90000     78000     -12000
தற்காலிக ஆசிரியர் சம்பளம்  54000     48000     -6000
ஓட்டுக்கூரை பழுது          30000     0         -30000
மின்கட்டணம்               6000      8500      +2500
```

மைனஸ் எல்லாவற்றையும் நஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். கரண்டு பில்லில் பிளஸ் இருப்பதைப் பார்த்து, “இதுலயாவது மிச்சம் புடிச்சிருக்கீங்க” என்றார். மொத்தத்தில் 21,500 சாதகம் என்று நான் சொன்னதும், “அப்ப ஆண்டு விழாவுக்குப் பந்தல், மைக்செட் சொல்லிடலாம்ல?” என்று கேட்டுவிட்டார். எப்படி விளக்குவது?

சின்னராசு_கணக்கு
இதில் என்ன குழப்பம்? நடந்ததிலிருந்து திட்டத்தைக் கழிக்க வேண்டும். பிளஸ் வந்தால் நல்லது, மைனஸ் வந்தால் கெட்டது. அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_எழுத்தர்
சின்னராசு சொல்வது வரவுக்கு மட்டும் பொருந்தும். செலவுக்குத் தலைகீழ். கரண்டு பில் திட்டத்தைவிட 2,500 கூடியிருக்கிறது, அதைப் போய் நல்லது என்பீர்களா? பொருளாளர் ஏமாந்தது அவர் தப்பில்லை, தாளின் தப்பு. A பத்தியில் வகை, B-யில் வரவா செலவா, C-யில் திட்டம், D-யில் நடந்தது என்று வைத்துக்கொண்டு இதைப் போடுங்கள்:

```
=IF(B2="வரவு", D2-C2, C2-D2)
```

இனி மைனஸ் எங்கே வந்தாலும் பாதகம் என்றே அர்த்தம். நன்கொடையும் கரண்டும் மைனஸ், மற்ற இரண்டும் பிளஸ்.

ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் அடுத்தது. சம்பளத்தில் 6,000 எப்படி மிச்சமாயிற்று? கூரை வேலை நடந்ததா?

மேட்டுத்தெரு
டிசம்பர் சம்பளத்தை ஜனவரி 4-ஆம் தேதிதான் கொடுத்தோம். கூரைக்கு ஆள் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற_எழுத்தர்
அப்படியென்றால் அந்த 36,000 மிச்சமே இல்லை, கொடுக்க வேண்டிய பணம். 21,500-இலிருந்து அதைக் கழித்தால் 14,500 பற்றாக்குறை. நன்கொடை குறைந்த 12,000, கரண்டு கூடிய 2,500, இவை இரண்டும்தான் உண்மையில் நடந்திருக்கின்றன.

அவரிடம் சாதகம், பாதகம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கடைக்காரர்தானே? “அண்ணாச்சி, சரக்கு எடுக்காம விட்ட வாரம் கல்லாப்பெட்டி நிறைஞ்சிருக்கும், அது லாபமா?” என்று கேளுங்கள். அப்புறம் தாளில் ‘இனி கொடுக்க வேண்டியது’ என்று ஒரு பத்தி சேருங்கள். சம்பள வரியில் 6,000, கூரை வரியில் 30,000. பக்கத்தில் காரணம் ஒரு வரி. காரணம் எழுத முடியாத வித்தியாசம் இருந்தால் முதலில் பில்லைத் தேடுங்கள்.

வயலூர்ப்பெண்
எங்கள் மகளிர் குழுவிலும் இதே கதை. பேங்க் பாஸ்புக்கில் இருக்கும் தொகையும் வித்தியாசத் தொகையும் ஒன்றாக இல்லையே என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை. நீங்கள் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற_எழுத்தர்
அது வேறு வேலை, அம்மா. முன்னிருப்பு பாஸ்புக்கில் இருக்கும், இந்தத் தாளில் இருக்காது. இரண்டும் ஒன்றாக வராது.

தறிக்காரர்
கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒன்பது மாதத்தில் நாலு பில்லா, ஐந்து பில்லா?

மேட்டுத்தெரு
ஐந்து கட்டியிருக்கிறோம்! திட்டத்தில் ஆண்டுக்கு 8,000 என்று வைத்து ஒன்பது மாதத்துக்குப் பிரித்திருந்தேன்.

தறிக்காரர்
அப்ப ஆறு பில்லுக்கு 8,000. ஐந்துக்கு 6,700 அளவில் வந்திருக்கணும். 2,500-இல் 700 போல பில் முன்னதாக வந்ததால். மீதி 1,800 கூடுதலாக ஓடியதுதான், மோட்டாரைப் பாருங்கள்.

மேட்டுத்தெரு
நேற்றுக் காட்டினேன். கல்லாப்பெட்டி உதாரணம் உடனே பிடித்துக்கொண்டது. பந்தல் பேச்சை அவரே நிறுத்திவிட்டார். ஆனால் நன்கொடை 12,000-ஐப் பாதகம் என்று எழுதியதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “அறுப்பு முடிஞ்சா தை மாசத்துல தருவாங்க, வராத பணம்னு எப்படி எழுதுற?” என்கிறார். அதையும் தாமதம் என்று போடலாமா?

ஓய்வுபெற்ற_எழுத்தர்
யார் யார், எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள் என்று பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகையை மட்டும் தாமதத்தில் வையுங்கள்.

மேட்டுத்தெரு
இரண்டு பேர் பெயர் சொன்னார், 5,000 வருகிறது. மீதி 7,000-க்கு “ஊர்ல கேட்டுப் பாக்கலாம்” என்கிறார். அதை எந்த வரியில் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.