இடது விலாவடி வாயுக்குத்து: என்ன பெயர் வைக்கலாம்?

காரைக்குடி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது விலாவுக்கு அடியில் சுருக்கென்று குத்தும், மூச்சை இழுத்தால் கூடும், காற்றுப் பிரிந்ததும் அடங்கிவிடும். இந்த வலிக்கு மருத்துவத்தில் ஸ்பிளீனிக் ஃபிளெக்ஷர் சிண்ட்ரோம் என்று பெயர். அப்படியே பெயர்த்தால் 'மண்ணீரல் வளைவு நோய்க்குறித்தொகுப்பு' என்று வருகிறது. வீட்டில் படிக்கக் கொடுத்தேன். "மண்ணீரல்ல என்ன கோளாறு?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. மண்ணீரலில் ஒன்றுமே இல்லாத ஒரு வலிக்கு இந்தப் பெயரா? நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

பள்ளத்தூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தம்பி, புதுச்சொல் எதற்கு? 'வாய்வுப் பிடிப்பு' என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மொச்சை, வாழைக்காய், உருளைக்கிழங்கு தின்றால் வாய்வு சேரும். அது இடுப்பில் பிடிக்கும், முட்டியில் பிடிக்கும், விலாவிலும் பிடிக்கும். ஒரு பன்னீர் சோடா குடித்து நாலு ஏப்பம் விட்டால் ஓடிப்போகும்.

தேவகோட்டை மருத்துவர் எழுதியது:

ஐயா சொன்னதில் மொச்சை சரி. மற்ற இரண்டையும் அப்படியே விட முடியவில்லை.

குடலில் இருக்கும் வாயு முட்டிக்கு ஓடாது. நாம் வாய்வுப் பிடிப்பு என்று சொல்வதில் பாதி தசைச் சுளுக்கு, மீதி மூட்டு வலி. அதே சொல்லைத் துண்டறிக்கையில் போட்டால் இடுப்பு பிடித்தவரும் அதைப் படித்துத் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். சோடா விஷயமும் அப்படித்தான். ஏப்பமாக வருவது இரைப்பையில் உள்ள காற்று. நாம் பேசும் வாயு பெருங்குடலில் இருக்கிறது. அது மேலே திரும்பி வாய்க்கு வராது, அதன் வாசல் கீழேதான்.

பெருங்குடல் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறுகிறது. கல்லீரலுக்கு அடியில் ஒரு மடக்கு மடங்கி, வயிற்றைக் குறுக்காகக் கடந்து இடப்பக்கம் போகிறது. அங்கே மண்ணீரலுக்குப் பக்கத்தில் மறுபடி மடங்கிக் கீழே இறங்குகிறது. இந்த இடது மடக்கு வலதைவிட உயரத்தில், மூச்சை இழுக்கும்போது கீழே இறங்கும் தசைத்திரையான உதரவிதானத்தை ஒட்டி இருக்கிறது; வளைவும் கூர்மையானது. உட்கார்ந்தாலும் நின்றாலும் பெருங்குடலின் உச்சி அதுதான் என்பதால் வாயு அங்கே போய் ஒதுங்கிக்கொள்கிறது.

குடலை அறுத்தாலும் சுட்டாலும் பெரிதாக வலிக்காது, இழுத்து விரித்தால் மட்டும் பொறுக்காது. வாயு நிறைந்து மடக்கு உப்பியிருக்கும்போது குடல் தன் வழக்கப்படி சுருங்கித் தள்ளப் பார்க்கும். முன்னே வழி குறுகலாக இருந்தால் சுவரில் இழுவிசை ஏறும். அதனால்தான் வலி ஒரே சீராக இல்லாமல் அலை அலையாகக் குத்துகிறது. மேலே உதரவிதானம் இருப்பதால் மூச்சை இழுக்கும்போது கூடும். சிலருக்கு இடது நெஞ்சு, தோள்பட்டை வரை தெரியும். குடலுக்குள் பலூன் விட்டு அந்த மடக்கில் ஊதிப் பார்த்த பழைய சோதனைகளில் சிலர் நெஞ்சுவலி என்றே சொன்னார்கள்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நாற்பதுகளில் ஒரு பெண். கல்யாண வீட்டில் மதியம் ஒரு மணிக்கு மொச்சைக் குழம்போடு சாப்பாடு. மொச்சையில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்க நம் சிறுகுடலில் நொதி கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர, அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாக்குகின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அதனால் தின்ற உடனே வலிக்கவில்லை. சாயங்காலம் கூட்டமான பேருந்தில் அடக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இரவு எட்டு மணிக்கு மாரடைப்பு என்று அழுதுகொண்டு வந்தார்.

முதலில் ஈசிஜி எடுத்தோம், சற்று நேரம் விட்டு மறுபடியும் எடுத்தோம். ரத்தப் பரிசோதனையிலும் மாற்றமில்லை. விலாவடியில் விரலால் தட்டினால் மத்தளம் போல ஒலித்தது. ஆனால் இரைப்பைக் காற்றும் அந்த இடத்தில் அப்படித்தான் ஒலிக்கும். எக்ஸ்ரேயில் மடக்கில் வாயு தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் அது தெரிவது உண்டு. ஆக எதுவும் தனியாகச் சாட்சி இல்லை. வராந்தாவில் நடக்கச் சொன்னேன். கழிவறைக்குப் போய் வந்தார், சற்று நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது.

வெளியே போனது மடக்கில் இருந்த அதே வாயு என்று நினைக்க வேண்டாம். முதலில் மலக்குடலும் அதற்கு மேலுள்ள பகுதியும் காலியாகின்றன. அங்கே அழுத்தம் குறைந்ததும் மடக்கில் இருப்பது கீழே இறங்க இடம் கிடைக்கிறது. சுவர் தளர்ந்ததும் வலி நிற்கிறது. அடக்கி வைத்தால் வலி கூடுவதும் இதே காரணத்தால்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

டாக்டர் தம்பி, எனக்கும் இதேதான். மேல்மாடிக்கு ஏறும்போது நெஞ்சுக்குக் கீழே பிடிக்கிறது, பாதிப் படியில் நின்றால் விட்டுவிடுகிறது. காலையில் பூண்டு தட்டிப் போட்டுப் பால் குடிக்கிறேன். வேறு என்ன சாப்பிடலாம்?

தேவகோட்டை மருத்துவர் எழுதியது:

ஆச்சி, இது வேறு. ஏறினால் வந்து, நின்றால் போகிற வலியை நான் வாயு என்று சொல்ல மாட்டேன். இதயம்தானா என்று பார்த்தாக வேண்டும். சும்மா இருக்கும்போதே வந்தாலோ வேர்த்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றாலும் நாளைக் காலையே ஈசிஜி எடுத்துவிடுங்கள், சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் படி ஏற வேண்டாம்.

துண்டறிக்கையிலும் இது வர வேண்டும். ஏப்பம் விட்டதும் குறைந்தது என்பதால் இதயம் இல்லை என்று ஆகிவிடாது. வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் மலமும் இரண்டுமே போகாமல் நின்றுவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கூடாது.

கோலாலம்பூர் சொல்லாய்வாளர் எழுதியது:

டாக்டரே 'மடக்கு' என்று சொல்லிவிட்டார், அதையே பிடித்துக்கொள்ளலாம். உறுப்புப் பெயரை விட்டுவிட்டு 'இடமடக்கு வாயுத்தேக்கம்' என்கிறேன். கல்லீரல் பக்கம் வந்தால் 'வலமடக்கு வாயுத்தேக்கம்'. பித்தப்பைக் கல் என்று தவறாக நினைக்கப்படுவது அதுதானே?

தேவகோட்டை மருத்துவர் எழுதியது:

ஆமாம், அதுதான். இடமடக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. 'தேக்கம்' வேண்டாமே. அடிக்கடி இந்த வலி வருபவர்கள் பலருக்கு வயிற்றில் வாயு மற்றவர்களைவிட அதிகமில்லை. குடல்தான் கூர்ந்து உணர்கிறது. அதே அளவு வாயுவை இன்னொருவர் கவனிக்கக்கூட மாட்டார். தேக்கம் என்று எழுதினால் வாயுவை வெளியேற்றும் மாத்திரையைத் தேடி ஓடுவார்கள். 'வாயுக்குத்து' என்றால் வலியை மட்டும் சொல்லும்.

பள்ளத்தூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

குத்து என்றால் சண்டை போல இருக்கிறது. அச்சில் நன்றாக இராது. 'வாயுவலி' என்று போடலாமே?

காரைக்குடி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, குடல் வலி எல்லாமே வாயுவலி ஆகிவிடும். இப்போதைக்குத் தலைப்பில் 'விலாவடி வாயுக்குத்து', உள்ளே படத்தோடு 'இடமடக்கு' என்று வைத்திருக்கிறேன். சிண்ட்ரோமுக்கு இணையாக எதுவும் சேர்க்கவில்லை. நோயாளிக்கு அது தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். ஏறினால் வரும் வலி பற்றிய வரியைத் தடித்த எழுத்தில் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆச்சி, ஈசிஜி எடுத்தீர்களா?