சுழற்றிய அரேயில் ஒரே எண் பலமுறை வந்தால்: இன்டர்வியூவிலோ வேலையிலோ இதைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

புதுத்தேடல்:
போன வாரம் ஒரு இன்டர்வியூ. ஏறுவரிசையில் இருந்த அரேயை நடுவில் எங்கோ வெட்டிச் சுழற்றிக் கொடுத்து, அதில் ஒரு எண் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எண்கள் திரும்பத் திரும்ப வரலாம். கோடு எழுதினேன், ஓடியது. அப்புறம் அவர், "இதை எப்போதும் O(log n)-ல் முடிக்கலாமா?" என்றார். முடியாது என்றேன். "உங்கள் கோடால் முடியாதா, யாராலுமே முடியாதா?" என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

செட்_பிரியன்:
எனக்கும் இதே கேள்வி வந்தது. டூப்ளிகேட்டை முதலில் நீக்கிவிட்டு வழக்கமான பைனரி சர்ச் போட்டேன். log n தான். இதில் என்ன பெரிய சிக்கல்?

வெள்ளைப்பலகை:
நீக்குவதற்கே எல்லா எண்களையும் ஒருமுறை படிக்க வேண்டுமே! அங்கேயே n ஆகிவிட்டது. படிக்கிற வழியிலேயே தேடுகிற எண்ணைப் பார்த்துவிடலாம்.

நான் இன்டர்வியூ எடுக்கும்போது இந்த இரண்டையும் எழுதிக் காட்டுவது வழக்கம்:

```
[1, 0, 1, 1, 1]
[1, 1, 1, 0, 1]
```

தேடுவது 0. இரண்டிலும் முதல் எண் 1, நடு எண் 1, கடைசி எண் 1. டூப்ளிகேட் இல்லாத அரேயில், முதல் எண்ணைவிட நடு எண் பெரிதாக இருந்தால் இடப்பக்கம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பாதியைத் தள்ளலாம் என்று முடிவெடுக்கலாம். இங்கே மூன்றும் சமம். ஒன்றில் 0 இடப்பக்கம் இருக்கிறது, மற்றதில் வலப்பக்கம். பார்த்த மூன்று எண்களை வைத்து இரண்டையும் பிரித்தறியவே வழியில்லை. சமமாக இருந்தாலும் இடப்பக்கம் ஒழுங்குதான் என்று `<=` போட்டு எழுதியவர்களின் கோடு, முதல் அரேயில் 0 இல்லை என்று சொல்லிவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. எல்லாமே 1, எங்கோ ஓர் இடத்தில் மட்டும் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 0 எந்த இடத்தில் இருந்தாலும் அது முறையாகச் சுழற்றிய அரேதான். நீங்கள் ஓர் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டு "இல்லை" என்று சொன்னால், நான் 0-ஐ அந்த இடத்தில்தான் வைத்திருப்பேன். ஆகவே "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல எல்லா இடத்தையும் பார்த்தே தீரவேண்டும். யார் எழுதினாலும் இதுதான் கதி.

செட்_பிரியன்:
சரி. நடு எண்ணுக்குப் பதிலாக ராண்டமாக ஓர் இடத்தைப் பார்த்தால்?

வெள்ளைப்பலகை:
0 இருந்தால் சராசரியாகப் பாதி அரேயைப் படித்த பிறகு கிடைக்கும். அதுவும் லீனியர்தான். இல்லாவிட்டால் முழுவதும்.

பின்முனை_அக்கா:
ஒன்று சேர்க்கிறேன். டூப்ளிகேட் இருந்தாலே மெதுவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறாக இருந்தால், நடுவில் ஆயிரம் டூப்ளிகேட் இருந்தாலும் log n-லேயே முடியும். வெட்டிய இடத்தின் இரு பக்கமும் ஒரே எண் சிதறும்போதுதான் வினை. அதனால் நான் ஆரம்பத்திலேயே வாலை வெட்டிவிடுவேன்:

```python
while hi > lo and a[hi] == a[lo]:
    hi -= 1
```

இதற்குப் பிறகு `a[0]`-க்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது இடத்துண்டு, சிறிதாக இருப்பது வலத்துண்டு. குழப்பமே இல்லை. லீனியர் செலவு முழுக்க அந்த ஒரு லூப்பில்தான்; வாலில் எத்தனை எண் சமமோ அத்தனை சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் `lo`, `hi` இரண்டையும் நகர்த்தும் கோடைவிட இது எனக்குப் படிக்க எளிது.

சிப்_ஆள்:
எங்கள் கருவியில் 4 எம்பி ஃபிளாஷில் லாக் எழுதுகிறோம், ஒரு பதிவு 32 பைட். மொத்தம் 1,31,072 பதிவுகள். நிரம்பியதும் தொடக்கத்திலிருந்து மேலெழுதும், அதாவது சுழற்றிய அரேதான். கரன்ட் போய் வந்தால் எங்கே எழுதிக்கொண்டிருந்தோம் என்பது மறந்துவிடும்; நேர முத்திரையை வைத்து பைனரி சர்ச்சில் பிடிப்போம். சாதாரணமாக 17, 18 முறை படித்தால் போதும். ஆனால் முத்திரை நொடிக் கணக்கில்தான். ஒரு கோளாறில் பதிவுகள் கொட்டித் தீர்த்தால் ஃபிளாஷில் பெரும்பகுதி ஒரே நொடி, பூட் ஆகவே நேரம் எடுக்கிறது. வாலை வெட்டும் வழி உதவுமா?

பின்முனை_அக்கா:
உதவாது, உங்கள் வால்தானே நீளம். ஒவ்வொரு பதிவிலும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் ஒன்றை எழுதுங்கள். டூப்ளிகேட்டே வராது.

சிப்_ஆள்:
32 பைட்டும் நிரம்பிவிட்டது. முத்திரையிலேயே சில பிட்டைப் பிடுங்க வேண்டும்.

வெள்ளைப்பலகை:
கரன்ட் போனபோது உங்கள் கடிகாரமும் பின்னால் போகுமா? போனால் அது சுழற்றிய அரேகூட இல்லை. பைனரி சர்ச் சொல்லும் இடத்தையே நம்ப முடியாது.

சிப்_ஆள்:
பேட்டரி தீர்ந்த கருவிகளில் போகும். அதை இன்னும் யோசிக்கவில்லை.